கொட்டேஷன் கேட்கும் மின்னஞ்சல்: பதில்களை ஒப்பிட முடிகிற மாதிரி எழுதுவது எப்படி

அச்சடித்த அட்டைப்பெட்டிக்கு மூன்று பேரிடம் விலை கேட்கிறீர்கள். ஒருவர் பெட்டி 41 என்கிறார், இன்னொருவர் 46.50, மூன்றாமவர் 43. எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை, எண்களை மட்டும் பாருங்கள். புதிதாகக் கொள்முதல் வேலைக்கு வந்தவர் 41-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார். ஆனால் அந்த 41-இல் வண்டி வாடகை இல்லை, அச்சு பிளேட் செலவு இல்லை, பணம் முழுவதும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 43 சொன்னவர் நீங்கள் மனதில் வைத்திருந்ததைவிட மெல்லிய தாளுக்கு விலை போட்டிருக்கிறார். 46.50 சொன்னவர் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்திருக்கிறார். ஆக, மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு, மூன்று வேறு நிபந்தனையில் விலை சொல்லியிருக்கிறார்கள்.

இதில் அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. "5 பிளை பெட்டி 3,000 வேண்டும், உங்கள் சிறந்த விலையைத் தெரிவிக்கவும்" என்று மின்னஞ்சல் போட்டால் இப்படித்தான் பதில் வரும். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் அவரவர் வழக்கப்படி நிரப்பிக்கொள்வார்கள். அந்த இடங்களை அனுப்பும் முன்பே நீங்களே நிரப்பிவிடுவதுதான் வேலை. எப்படி என்பதை இந்த அட்டைப்பெட்டியையே வைத்துக் கடைசிவரை செய்து பார்ப்போம்.

முதலில் பொருளை நீங்களே தீர்மானியுங்கள்

நம் பெட்டிக்குள் 65 மி.மீ. விட்டமும் 240 மி.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் பாட்டில்கள் 24 போக வேண்டும். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு. கொஞ்சம் இடைவெளி விட்டால் 400 × 270 × 245 மி.மீ. வருகிறது. இந்த அளவை அப்படியே மின்னஞ்சலில் எழுதிவிட்டால் போதுமா? போதாது. "உள் அளவு" என்ற இரண்டு சொற்கள் கூட வேண்டும்.

5 பிளை, அதாவது ஐந்து தாள் அடுக்குகளை ஒட்டிய அட்டையின் கனம், உள்ளே அலையலையாக இருக்கும் நெளிவுத் தாளின் வகையைப் பொறுத்தது. இரண்டு நெளிவு அடுக்குகள் சேர்ந்த வழக்கமான வகையில் சுமார் 7 மி.மீ. வரும். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு பக்கச் சுவர்கள் இருப்பதால் வெளி அளவு 14 மி.மீ. கூடும். உயரத்தில் மேலும் கீழும் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நான்கு கனம், அதாவது 28 மி.மீ. கூடும். நீங்கள் எழுதிய 400 × 270 × 245 வெளி அளவு என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், உள்ளே அவர் தருவது ஏறக்குறைய 386 × 256 × 217 தான். ஆறு பாட்டில்களை வரிசையாக வைக்க 390 மி.மீ. வேண்டும், பாட்டிலின் உயரமோ 240. பாட்டில் உள்ளே போகாது. அதே சமயம் அவருடைய பெட்டிக்கு அட்டை குறைவாகப் பிடிக்கும் என்பதால் விலையும் குறைவாகத் தெரியும். தப்பான பெட்டிக்கு மலிவான விலை!

அடுத்தது தாள். "நல்ல உறுதியான பெட்டி" என்றால் ஒன்றும் புரியாது. 5 பிளையில் மூன்று தட்டைத் தாள்களும் இரண்டு நெளிவுத் தாள்களும் இருக்கும். ஒவ்வொன்றின் எடையும் ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்லப்படும், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று. நம் தேவைக்குத் தட்டைத் தாள் மூன்றும் 180, நெளிவுத் தாள் இரண்டும் 120 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த எண்கள் உங்களுக்குத் தெரியாவிட்டால் கற்பனையாக எழுதாதீர்கள். நிரம்பிய பெட்டியின் எடை என்ன, எத்தனை அடுக்கு உயரத்துக்கு வைப்பீர்கள், எவ்வளவு நாள் கிடங்கில் இருக்கும் என்பதைச் சொல்லி, நம்பகமான ஒரு தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்கலாம். இப்போது பயன்படுத்தும் பெட்டி திருப்தியாக இருந்தால் அதை ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்து அளந்துகொள்ளலாம். எப்படியானாலும், கொட்டேஷன் கேட்கும் மின்னஞ்சல் போகும்போது எல்லோருக்கும் ஒரே எண் போக வேண்டும். ஆளுக்கு ஒரு தரத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் அதற்குப் பிறகு ஒப்பீடு என்பதே கிடையாது.

ஒரு எச்சரிக்கை. சிலர் தாளின் எடையையும் எழுதி, அட்டை எவ்வளவு அழுத்தத்தில் கிழியும் என்று காட்டும் வெடிப்பு வலிமை எண்ணையும் எங்கிருந்தோ எடுத்துக் கூடவே எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் ஒருவர் முதலாவதைப் பார்த்து விலை போடுவார், மற்றவர் இரண்டாவதைப் பார்த்து. எது கட்டாயம் என்பதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு அனுப்புவது

மூன்று முதல் ஐந்து பேர் போதும். பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேரின் சந்தேகங்களுக்கும் பதில் எழுத வேண்டும், பத்துப் பதில்களையும் சரிபார்க்க வேண்டும். பத்துப் பேரிடம் போயிருக்கிறது என்று தெரிந்தால் நல்ல தயாரிப்பாளர்கள் மெனக்கெடவும் மாட்டார்கள். அனுப்பும் முன் ஒரு போன் போட்டு, இந்த அளவில் 5 பிளை பெட்டி சொந்தமாகச் செய்கிறார்களா, 3,000 என்ற எண்ணிக்கையை எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கித் தருபவரும் பட்டியலில் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சலாக அனுப்புங்கள். எல்லோரையும் ஒரே முகவரி வரிசையில் போட்டால் யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வழி பிறக்கும். பிசிசியில் மறைத்து அனுப்பலாமே என்றால், அனுப்பலாம். ஆனால் ஒரு நாள் அவசரத்தில் அதையே சிசியில் போட்டுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நான்கு மின்னஞ்சலைத் தனியாக அனுப்ப ஐந்து நிமிடம்தான் ஆகும். மாற வேண்டியது வணக்கத்துக்குப் பிறகு வரும் பெயர் மட்டும். மற்றபடி ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பழகியவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி விளக்கம் எழுதினால், அங்கேயே சமநிலை போய்விட்டது.

மின்னஞ்சல்

நம் பெட்டிக்கான முழு மின்னஞ்சல் இது. எந்த வரி எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

> பொருள்: விலைப்புள்ளி கோரிக்கை எண் 14 – அச்சடித்த 5 பிளை அட்டைப்பெட்டி, 3,000 – பதில் மார்ச் 18, புதன் மாலை 5 மணிக்குள்
>
> வணக்கம்.
>
> கீழ்க்கண்ட பெட்டிக்கு உங்கள் விலைப்புள்ளியை எதிர்பார்க்கிறோம். வரைபடமும் விலை நிரப்ப வேண்டிய அட்டவணையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.
>
> பெட்டி: 5 பிளை, மேலும் கீழும் மடிப்பு உள்ள வழக்கமான வகை. உள் அளவு 400 × 270 × 245 மி.மீ. தட்டைத் தாள் மூன்றும் 180 ஜி.எஸ்.எம்., நெளிவுத் தாள் இரண்டும் 120 ஜி.எஸ்.எம்., ஏற்கும் வேறுபாடு 5 சதவீதம் வரை. இரண்டு நீளப் பக்கங்களிலும் ஒரே நிறத்தில் அச்சு.
>
> பயன்பாடு: ஒரு பெட்டியில் 24 பாட்டில்கள், மொத்தம் சுமார் 14 கிலோ. ஐந்து பெட்டி உயரத்துக்கு அடுக்குவோம்.
>
> எண்ணிக்கை: இந்த ஆர்டர் 3,000. இதே பெட்டி ஆண்டுக்கு நான்கு முறை தேவைப்படும் என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் அதற்கு இப்போது உறுதி தர இயலாது. ஆர்டரைவிட 3 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் ஏற்போம். அதற்கு மேல் வரும் பெட்டிகளுக்குப் பணம் தர மாட்டோம்.
>
> டெலிவரி: எங்கள் கிடங்கில், ஏப்ரல் 10-க்குள். முகவரி இணைப்பில் உள்ளது. ஏற்றுகூலி உங்களுடையது, இறக்குகூலி எங்களுடையது.
>
> பணம்: சரக்கு வந்து சரிபார்த்த 30 நாளில்.
>
> விலை: அட்டவணையில் உள்ளபடி பெட்டி விலை, அச்சு பிளேட் செலவு, வண்டி வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிக்கவும். இல்லாத செலவுக்கு 0 என்று எழுதவும், காலியாக விட வேண்டாம். வரி தனி வரிசையில். விலை ஏப்ரல் 30 வரை செல்ல வேண்டும்.
>
> மாறுபாடு: மேலே கேட்டதில் எதை உங்களால் ஏற்க இயலவில்லையோ அதை "மாறுபாடு" வரிசையில் எழுதவும். மாறுபாடு இல்லையென்றால் "இல்லை" என்று எழுதவும். வேறு தாள், வேறு எண்ணிக்கை என மாற்று யோசனை இருந்தால் வரவேற்கிறோம். ஆனால் முதலில் கேட்டபடியே விலை கொடுத்துவிட்டு, மாற்றைத் தனி அட்டவணையில் தரவும்.
>
> சந்தேகங்கள்: மார்ச் 13, வெள்ளி மாலைக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதவும். கேள்விகளையும் பதில்களையும் கேட்டவர் பெயர் இல்லாமல் எல்லோருக்கும் மார்ச் 16, திங்கள் அன்று அனுப்புவோம்.
>
> விலைப்புள்ளி தர விருப்பமில்லையென்றால் அதையும் ஒரு வரியில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.

இதற்குக் கீழே உங்கள் பெயர், பொறுப்பு, தொலைபேசி எண். இந்த மின்னஞ்சல் மார்ச் 9, திங்கள் அன்று போகிறது என்று வைத்துக்கொண்டால், பதில் தர அவர்களுக்கு ஒன்பது நாள் கிடைக்கிறது. இந்த மாதிரிப் பெட்டிக்கு அது தாராளம். இரண்டு நாள் கெடு வைத்தால் சிலர் விட்டுவிடுவார்கள், மற்றவர்கள் பாதுகாப்புக்காக விலையைக் கொஞ்சம் ஏற்றியே போடுவார்கள்.

மேலே உள்ள சில வரிகள் ஏன்

பொருள் வரியிலேயே எண்ணும் கெடுவும் இருப்பது உங்கள் வசதிக்கும்தான். பதில்கள் எல்லாம் அதே பொருள் வரியோடு திரும்பி வரும், 14 என்று தேடினால் மொத்தமும் ஒரே இடத்தில் கிடைக்கும். கெடுவில் தேதியோடு கிழமையையும் நேரத்தையும் எழுதுங்கள். "ஒரு வாரத்துக்குள்" என்றால் அந்த வாரம் எப்போது தொடங்கியது என்பதில் பேச்சு வரும்.

பெட்டி விலை, பிளேட், வண்டி வாடகை மூன்றையும் பிரித்துக் கேட்பதுதான் இந்த மின்னஞ்சலின் உயிர். அச்சு பிளேட் ஒரு தடவைச் செலவு. அது பெட்டி விலைக்குள் கரைந்திருந்தால் முதல் ஆர்டரில் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது ஆர்டரிலும் அதே விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், அதாவது ஒரே பிளேட்டுக்குத் திரும்பத் திரும்பப் பணம் போகும். பிளேட் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஆர்டரின்போது எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாளைக்கு வேறு தயாரிப்பாளரிடம் போக நேர்ந்தால் அந்தக் கேள்வி வந்தே தீரும்.

"காலியாக விட வேண்டாம், 0 எழுதவும்" என்பது சின்ன வரியாகத் தெரியும். ஆனால் காலிக் கட்டத்துக்கு மூன்று அர்த்தம் உண்டு: செலவே இல்லை, விலைக்குள் அடங்கியது, அல்லது எழுத மறந்துவிட்டார். எது என்று தெரிந்துகொள்ள இன்னொரு சுற்று மின்னஞ்சல் ஆகும். "மாறுபாடு இல்லை" என்று எழுதச் சொல்வதும் இதே காரணத்துக்காக. மாறுபாட்டைக் கேட்கும் கட்டம் இருந்தால் அது பெரும்பாலும் அங்கேயே வெளிவந்துவிடும். இல்லாவிட்டால் கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் உள்ள பொது நிபந்தனைகளில் உட்கார்ந்திருக்கும்.

எண்ணிக்கையில் கூடுதல், குறைவு பற்றிய வரி அச்சு, அட்டைத் தொழிலுக்கே உரியது. இயந்திரத்தில் ஓட்டும்போது சேதத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுவார்கள், வந்த அளவை அப்படியே அனுப்பிவிடுவதும் வழக்கம். 10 சதவீதம் வரை என்று தங்கள் நிபந்தனையில் வைத்திருப்பவர்களும் உண்டு. 3,000 கேட்டால் 3,300 வந்து, அத்தனைக்கும் பில் வரும். நீங்கள் 3 சதவீதம் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் அதை மனதில் வைத்தே விலை போடுவார்கள்.

ஆண்டுக்கு நான்கு முறை என்று சொல்லும்போது உறுதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 12,000 பெட்டி வாங்கப்போவதாக ஆசை காட்டி, 3,000-த்துக்கு விலை கேட்டால் சிலர் அதை நம்பிக் குறைத்துப் போடுவார்கள், அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள். மறுபடி ஒப்பீடு கோணலாகும். 12,000-த்துக்கான விலையும் உண்மையிலேயே வேண்டுமென்றால் அட்டவணையில் அதற்கு இன்னொரு வரிசை போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மின்னஞ்சலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்: நீங்கள் எதிர்பார்க்கும் விலை. அதைச் சொல்லிவிட்டால் வரும் கொட்டேஷன்கள் எல்லாம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைவிடக் குறைவாகத் தர முடிந்தவரும் குறைக்க மாட்டார்.

கெடு முடியும் வரை

கேள்விகள் வரும், வர வேண்டும். "நெளிவு எந்த வகை?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். நியாயமான கேள்விதான், மின்னஞ்சலில் அது விட்டுப்போயிருக்கிறது. அவருக்கு மட்டும் போனில் பதில் சொல்லிவிட்டால் அவர் ஒரு பெட்டிக்கும் மற்றவர்கள் இன்னொரு பெட்டிக்கும் விலை போடுவார்கள். கேள்வியையும் பதிலையும் எழுதி, எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். போனில் கேட்டாலும் "சரி, எழுதி அனுப்புங்கள், எல்லோருக்கும் பதில் வரும்" என்று சொல்லிவிடுவது நல்லது. கேட்டவர் பெயரோ, அவரைக் கண்டுபிடித்துவிடக்கூடிய குறிப்போ அதில் இருக்கக் கூடாது.

பொருளின் அளவோ தரமோ மாறினால் பதில் அனுப்பினால் மட்டும் போதாது. வரைபடத்தையும் அட்டவணையையும் திருத்தி, "கோரிக்கை எண் 14, திருத்தம் 1" என்று பெயர் வைத்து அனுப்பி, பழையதை விட்டுவிடச் சொல்லுங்கள். கெடுவையும் எல்லோருக்கும் சமமாக நீட்டுங்கள்.

கெடுவுக்கு முன்னால் வந்த கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, இன்னொருவரிடம் "உங்களைவிடக் குறைவாக வந்திருக்கிறது" என்று வாய்விட வேண்டாம். தாமதமாக வருவதை ஏற்பதா என்பதைப் பதில்கள் வரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். யாருடையது தாமதம் என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவில் பாரபட்சம் நுழையும்.

பதில்களை ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவது

எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் யாராவது ஒன்றை மாற்றித்தான் எழுதுவார்கள். நம் மூன்று பதில்களை முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் அட்டவணையைச் சரியாக நிரப்பியிருக்கிறார். பெட்டி 41, பிளேட் 6,000, வண்டி வாடகை 9,000. மாறுபாடு: முழுப் பணமும் ஆர்டரோடு. ஆர்டரிலிருந்து 15 நாளில் சரக்கு.

இரண்டாமவர் பெட்டி 46.50 என்று மட்டும் எழுதி, பிளேட்டுக்கும் வண்டிக்கும் "அடங்கியது" என்று எழுதியிருக்கிறார். மாறுபாடு இல்லை.

மூன்றாமவர் பெட்டி 43, பிளேட் 4,500, வண்டி 0. மாறுபாடு வரிசையில் "தட்டைத் தாள் 150 ஜி.எஸ்.எம்." என்றும், பணம் சரக்கு வந்த அன்றே என்றும் குறிப்பு.

கணக்குப் போடும் முன் இருவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். மூன்றாமவரிடம், "கேட்டபடி 180 ஜி.எஸ்.எம்.-க்கு விலை தரவும், 150-ஐ மாற்று யோசனையாக வைத்துக்கொள்கிறோம்" என்று. இரண்டாமவரிடம், மொத்தத்தை மாற்றாமல் பிளேட் செலவை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லி. இது பேரம் இல்லை. அதனால்தான் "மொத்தத்தை மாற்றாமல்" என்று வெளிப்படையாகவே எழுதுகிறோம். மூன்றாமவர் 180-க்கு 46.20 என்று பதில் தருகிறார். இரண்டாமவர் பெட்டி 45, பிளேட் 4,500 என்று பிரிக்கிறார். 45 × 3,000 = 135,000; பிளேட்டைச் சேர்த்தால் 139,500; 3,000-ஆல் வகுத்தால் அதே 46.50. சரி.

இப்போது மூன்றும் ஒரே பொருள். முதலாமவர் 123,000 + 6,000 + 9,000 = 138,000, பெட்டிக்கு 46.00. இரண்டாமவர் 46.50. மூன்றாமவர் 138,600 + 4,500 = 143,100, பெட்டிக்கு 47.70. முதலில் 41, 46.50, 43 என்று இருந்த எண்கள் எங்கே வந்து நிற்கின்றன பாருங்கள்.

வரியைச் சேர்க்காமல்தான் இதைச் செய்திருக்கிறோம். கொடுத்த வரியை உங்கள் நிறுவனத்தால் கழித்துக்கொள்ள முடியும் என்றால் இதுவே சரியான அடிப்படை. முடியாது என்றால் வரியையும் மூவருக்கும் சேர்த்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது பணம் கொடுக்கும் நாள். நாம் கேட்டது சரக்கு வந்து 30 நாள். முதலாமவருக்கு அதைவிட 45 நாள் முன்னால் பணம் போகிறது (சரக்கு வரும் வரை 15, அதன் பிறகு 30). மூன்றாமவருக்கு 30 நாள் முன்னால். உங்கள் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்கி ஓடுகிறது என்றால் அந்த நாட்களுக்கும் விலை உண்டு. உங்கள் வட்டி விகிதத்தைக் கணக்குப் பிரிவில் கேட்டு, 12-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள். விரிதாளில் B நெடுவரிசையில் பெட்டி விலை, C-யில் பிளேட், D-யில் வண்டி வாடகை, E-யில் எத்தனை நாள் முன்னால் என்று வைத்தால்:

```
=(B2*3000+C2+D2)/3000*(1+0.12*E2/365)
```

முதலாமவர் 46.68, இரண்டாமவர் 46.50, மூன்றாமவர் 48.17. முதல் இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள்.

ஆனால் அடுத்த ஆர்டரையும் பாருங்கள். பிளேட் ஏற்கெனவே இருக்கிறது, C-யில் 0 போட்டால் போதும். முதலாமவர் 44.65, இரண்டாமவர் 45.00. மறுபடியும் இடம் மாறுகிறது! நான்கு ஆர்டர், 12,000 பெட்டிக்கும் கூட்டினால் வட்டி உட்பட முதலாமவருக்கு ஏறக்குறைய 541,900, இரண்டாமவருக்கு 544,500. பெட்டிக்கு 0.22 வித்தியாசம். மறு ஆர்டர்கள் நிச்சயமில்லை, முழு முன்பணம் கொடுத்த பிறகு பெட்டி தரமில்லாமல் வந்தால் உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இல்லை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு சிறிய வித்தியாசம் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. நானாக இருந்தால் இரண்டாமவரிடம் போவேன். ஒருவேளை இந்த வித்தியாசம் பெட்டிக்கு 3 என்று இருந்திருந்தால், முதலாமவரிடம் பாதி முன்பணத்துக்கு ஒப்புக்கொள்வாரா என்று கேட்டிருப்பேன்.

மூன்றாமவரின் 150 ஜி.எஸ்.எம். யோசனையைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். பெட்டிக்கு 43 + பிளேட் 1.50, அதாவது 44.50. அந்தத் தாளில் செய்த பெட்டி ஐந்து அடுக்கைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. அடியில் இருக்கும் பெட்டியின் மேல் நான்கு பெட்டி, 56 கிலோ. அட்டை ஈரக்காற்றிலும் நாள்பட்ட சுமையிலும் வலிமை இழக்கும் என்பதால் வெறும் 56 கிலோவைத் தாங்கினால் போதாது, அதைப் போல் சில மடங்கு தாங்க வேண்டும். மாதிரிப் பெட்டிகள் வாங்கி, பெட்டி நசுங்கும் சோதனை செய்து, தாங்குகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை 150 ஜி.எஸ்.எம்.-ஐயே அடிப்படையாக வைத்து எல்லோரிடமும் புதிதாகக் கேளுங்கள். இப்போதே அவருக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுத்து ஆர்டர் போடுவது மற்ற இருவருக்கும் நியாயமில்லை. அவர்களும் 150-இல் குறைத்துத் தந்திருக்கலாம்.

முடிவு எடுத்த பிறகு

ஆர்டரில் "கோரிக்கை எண் 14-இன்படியும், உங்கள் இந்தத் தேதியிட்ட விலைப்புள்ளியின்படியும்" என்று எழுதி, நிரப்பிய அட்டவணையை அப்படியே இணையுங்கள். உள் அளவு, தாள் எடை, 3 சதவீதம், பிளேட் செலவு எல்லாம் அதில் இருக்கின்றன. திரும்ப எழுதப்போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை ஒப்பீட்டு விரிதாளின் அடியிலேயே நான்கு வரி எழுதிச் சேமித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து யாராவது "ஏன் 41 சொன்னவரிடம் வாங்கவில்லை?" என்று கேட்பார்கள்.

மற்றவர்களுக்கு அதே நாளில் தகவல் சொல்லுங்கள். யாருக்கு ஆர்டர் போனது, என்ன விலைக்குப் போனது என்று கேட்பார்கள். அடுத்தவர் விலையைச் சொல்லக் கூடாது. அவருடைய கொட்டேஷனைப் பற்றி மட்டும் பேசலாம். "கேட்ட தாள் எடையில் உங்கள் விலை கூடுதலாக இருந்தது, 150 ஜி.எஸ்.எம். யோசனையைச் சோதித்துப் பார்க்கிறோம், மாதிரி அனுப்ப முடியுமா" என்று எழுதினால் மூன்றாமவருக்கு அது போதும்.

அப்புறம், இரண்டாமவரிடமிருந்து முதல் சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து உள் அளவை அளந்து பாருங்கள், தாளின் எடையைச் சோதனைக்குக் கொடுங்கள். மாறுபாடு இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அது உண்மைதானா என்பது அடுத்த ஆர்டருக்கு முன் தெரிந்தாக வேண்டும்.